ஒன்பது நாள் மூட்டையில் வண்டு: திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மெஸ் சரக்கறையைத் திருத்திய கதை

2025ஆம் ஆண்டு போகியன்று சரக்கறையைக் கழுவிவிடுவதற்காக மூட்டைகளை வெளியே எடுத்தோம். ஒன்பது நாட்களுக்கு முன் இறங்கிய பொன்னிப் புழுங்கல் சிப்பம் ஒன்றைத் தூக்கியபோது அதன் தையல் ஓரத்தில் ஏதோ ஊர்ந்தது. ஒரு பிடி அரிசியை அள்ளி முறத்தில் போட்டுப் பார்த்தேன். எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக, கருஞ்சிவப்பு நிறத்தில், முன்னால் நீண்ட மூக்கோடு ஏழெட்டு வண்டுகள் நாலாபுறமும் ஓடின. அரிசியைத் துளைக்கும் மூக்கு வண்டு. அறையில் அதே போல இன்னும் எட்டுச் சிப்பங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 26 கிலோ.

எங்கள் மெஸ் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது. நாற்பத்தைந்து பேர் அமரலாம். நாளொன்றுக்குச் சாப்பாட்டு அரிசி இருபது கிலோவும் இட்லி அரிசி எட்டு கிலோவும் செலவாகும். சமையலறைக்குப் பின்னால், எட்டுக்குப் பத்து அடியில் ஒரே ஜன்னலோடு இருப்பதுதான் சரக்கறை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும், அதற்கடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோதும் எங்கள் அறைக்குள் வெள்ளம் வரவில்லை. அதனால் சரக்கு தப்பித்தது என்று நிம்மதியாக இருந்தோம். ஆனால் தரை டிசம்பர் முழுவதும் ஈரம் காயாமல் கருத்தே கிடந்தது.

வண்டைக் கண்டதும் எனக்குக் கோபம் மண்டிக்காரர் மீதுதான். ஒன்பது நாள் சரக்கில் வண்டு என்றால் அவரிடமிருந்து வந்ததாகத்தானே இருக்க வேண்டும்? பொங்கல் கழிந்து அவரே நேரில் வந்தார். கையில் குத்தூசி வைத்திருந்தார். ஒரு மூட்டையின் மேல்புறத்தில் குத்தி எடுத்த அரிசியை ஒரு தட்டிலும், நடுவயிற்றில் ஆழமாகக் குத்தி எடுத்ததை இன்னொரு தட்டிலும் கொட்டினார். மேல்தட்டில் வண்டுகள் நெளிந்தன. நடுத்தட்டில் ஒன்றுகூட இல்லை.

“உள்ளேயே பிறந்திருந்தால் துளை விழுந்த அரிசி நிறைய இருக்க வேண்டும் அம்மா. தேடிப் பாருங்கள். இவை வெளியிலிருந்து ஏறியவை” என்றார்.

தேடினேன். ஒரு தட்டு அரிசியில் மூன்று மணிகளில்தான் ஓட்டை இருந்தது. அவர் சொன்னதன் பொருள் பிறகு படித்தபோதுதான் முழுதாக விளங்கியது. பெண் வண்டு அரிசி மணியில் சிறு குழி பறித்து, அதில் ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற ஒன்றால் வாயை மூடிவிடுகிறது. புழு மணிக்குள்ளேயே தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டானதும் ஓட்டை போட்டு வெளியே வருகிறது. நம் ஊர்ச் சூட்டில் இதற்கு ஏறத்தாழ ஐந்து வாரம் ஆகும். ஆக, ஒன்பது நாள் மூட்டையில் வண்டு மிகுந்தும் ஓட்டை அரிசி குறைந்தும் இருந்தால், வண்டுகள் அங்கே பிறக்கவில்லை, குடியேறியிருக்கின்றன. ஓட்டை அரிசியும் மாவுத்தூளும் மண்டிக் கிடந்தால் ஆலையிலிருந்தோ மண்டியிலிருந்தோ முட்டையோடு வந்தது என்று சொல்லலாம். மண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆனாலும் முதலில் செய்தது தவறான வேலை. ஒன்பது சிப்பங்களையும் மொட்டைமாடியில் கொட்டி, வெயிலில் பரப்பி, சலித்து, அதே சாக்கில் கட்டி அதே இடத்தில் அடுக்கினோம். வெயில் பட்டதும் வண்டுகள் அரிசியை விட்டு ஓடின. செத்தவை சில, கைப்பிடிச் சுவர் நிழலுக்குப் போனவை பல. ஆலையில் அரைத்து வந்த அரிசியை மறுபடி வெயிலில் காயப்போட்டால் மணி வெடிக்கும். அந்த வாரம் சோறு உடைந்து குழைந்தது; தினமும் சாப்பிட வருகிறவர்கள் சாதம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். பருப்பையும் பயறையும் வெயிலில் போடலாம். அரிசியைப் போடக் கூடாது.

பிப்ரவரி நடுவில், சலித்து ஒரு மாதம் ஆனபோது, மிச்சமிருந்த இரண்டு சிப்பத்திலும் புதிதாக இறங்கிய சரக்கிலும் வண்டு மறுபடி தெரிந்தது. சல்லடை வண்டைப் பிரிக்கும். மணிக்குள் இருக்கும் புழுவைப் பிரிக்காது. அன்று உள்ளே இருந்தவையே வளர்ந்து வெளியே வந்திருந்தன. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று அப்படியே நின்றது. முதலில் குடியேறிய வண்டுகள் எங்கிருந்து வந்தன?

எங்கள் மாஸ்டர் பதினெட்டு ஆண்டுகளாக இங்கே சமைக்கிறார். அவர் போரிக் பவுடர் கலந்து வைத்துவிடலாம் என்றார். நம் வீடுகளில் பலர் செய்வதுதான். ஆனால் போரிக் அமிலம் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட பொருள் அல்ல. அரிசியை எத்தனை முறை களைந்தாலும் எல்லாம் போய்விட்டது என்று உறுதி சொல்ல முடியாது. நாள்தோறும் நூறு பேருக்குப் போடும் சோற்றில் அந்த ஐயத்தை வைத்துக்கொண்டு என்னால் பரிமாற முடியாது. வேறொருவர் மூட்டைக்கு நடுவில் வைக்கும் மாத்திரை வாங்கித் தருவதாகச் சொன்னார். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் நச்சுவாயுவை விடும். பயிற்சி பெற்றவர்கள், ஆள் நடமாட்டமில்லாத கிடங்கை மூடி முத்திரையிட்டுச் செய்யும் வேலை அது. சமையலறையை ஒட்டிய அறையில் அந்த மாத்திரையைப் பிரித்தால் சாகப்போவது வண்டு மட்டுமல்ல. இரண்டையும் மறுத்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடி, அறையைச் சுத்தமாகக் காலி செய்தோம். மேற்குச் சுவரை ஒட்டி அரையடி உயரத்தில் ஒரு பழைய சிமெண்டு மேடை இருக்கிறது. மூட்டை அடுக்குவதற்காக யாரோ எப்போதோ கட்டியது. மேடைக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெடிப்பு. டார்ச் அடித்துப் பார்த்தால் அதற்குள் பழுப்பேறிய அரிசி தெரிந்தது. கம்பியால் கிளறி எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. குருணை, உளுந்து, எலிப்புழுக்கை, நூலாம்படை பிடித்த மாவுக் கட்டி எல்லாம் சேர்த்து மூன்று கிலோவுக்கு மேல். எல்லாவற்றிலும் வண்டு. மேல் மூட்டைகளைப் போர்த்துவதற்காக மாஸ்டர் சேர்த்துவைத்திருந்த பழைய சணல் சாக்குகளை உதறினோம். தையல் மடிப்புகளிலிருந்தும் கொட்டின. புது மூட்டையை இறக்கிய நாளிலேயே அதன்மேல் வண்டுச் சாக்கைப் போர்த்தியிருக்கிறோம்.

வெடிப்பைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, உறிஞ்சும் இயந்திரத்தால் இழுத்து, கொத்தனாரைக் கூப்பிட்டு சிமெண்டுக் கலவையால் அடைத்தோம். சாக்குகளை எரித்தோம். ஜன்னலுக்கு நெருக்கமான கம்பிவலையும், கதவின் அடியில் எலி நுழையாதபடி தகடும் போட்டோம்.

பிறகு ஈரம். சுவரும் தரையும் ஈரமாக இருப்பது தெரியும். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பணம் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாள் ஒன்றைத் தரையிலும் ஒன்றைச் சுவரிலும் வைத்து, நான்கு ஓரத்தையும் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் தரைக்கும் சுவருக்கும் உள்ளிருந்து ஊறுகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது. எங்கள் அறையில் தரைத்தாள் உட்பக்கம் நனைந்திருந்தது. சுவர்த்தாளோ வெளிப்பக்கம் நனைந்திருந்தது. ஒரே அறைக்குள் இரண்டு வெவ்வேறு நோய்.

தரையைப் பெயர்த்து ஈரத்தடுப்புப் போட ஆகும் செலவை அந்த ஆண்டு தாங்க முடியவில்லை. எனவே சரக்கைத் தரையிலிருந்து பிரித்தோம். இரும்புக் கோணச்சட்டத்தில் முக்கால் அடி உயரத்துக்குத் தாங்கிகள் செய்து, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்தோம். ஓர் ஆள் துடைப்பத்தோடு பின்னால் நுழைந்து வர வேண்டும். அதுதான் நான் வைத்துக்கொண்ட அளவு. துடைப்பம் போகாத இடத்தில்தான் அந்த மூன்று கிலோ சேர்ந்தது.

சுவர் வியர்ப்பதற்குக் காரணம் இட்லிக் கொப்பரையின் ஆவி. விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு ஏறும்போது சரக்கறைக் கதவு திறந்தே கிடக்கும். ஆள் போக வர இருப்பதால். அதோடு, அறை காய வேண்டும் என்று நாங்களே நாள் முழுவதும் எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டிருந்தோம். விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக, திறந்த கதவு வழியே சமையலறை ஆவியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. ஈரப்பதம் காட்டும் சிறிய டிஜிட்டல் மானி ஒன்றை உள்ளேயும் இன்னொன்றைக் கொல்லைப்புறத்திலும் மாட்டினேன். விடியற்காலையில் உள்ளே 86, 88 என்று நின்றது. இப்போது இரவே மறுநாள் சரக்கை அளந்து வெளியே வைத்துவிடுகிறோம். காலைச் சமையல் முடியும்வரை கதவு திறக்கப்படுவதில்லை. வெளி மானி உள் மானியைவிடக் குறைவாகக் காட்டும் நேரத்தில் மட்டும், பெரும்பாலும் முற்பகல் பதினொன்றுக்கு மேல், ஜன்னலைத் திறந்து விசிறியை ஓடவிடுகிறோம். மார்ச் கடைசியில் உள்ளே 70க்குக் கீழே வந்தது. 75க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் அரிசி காற்றிலிருந்து ஈரம் குடித்து 14 விழுக்காட்டைத் தாண்டும். வண்டுக்கும் பூஞ்சைக்கும் அது விருந்து.

அரிசியின் ஈரத்தை அளக்கும் கருவி விலை அதிகம். உப்பே போதும். தூள் உப்பை வாணலியில் வறுத்து ஆறவைத்து, காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு போட்டு, அதே அளவு அரிசியையும் போட்டு மூடி, நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் விட வேண்டும். உப்பு பாட்டிலின் சுவரில் ஒட்டினால் அரிசி ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்கு மேல் ஈரம், வைத்திருக்கத் தகாது. ஒட்டாமல் உதிர்ந்தால் வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் லாரியில் நனைந்து வரும் சிப்பத்தை இதைச் செய்து பார்க்காமல் இறக்குவதில்லை.

அடுத்தது டிரம். கடலூரில் பழைய நீல டிரம்கள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. தொழிற்சாலை வேதிப்பொருள் இருந்திருக்கலாம். எத்தனை கழுவினாலும் அவை அரிசிக்கு ஆகாது. உணவுக்கு உரிய புது டிரம், 200 லிட்டர், ரப்பர் வளையமும் இரும்புப் பூட்டுவளையமும் உள்ள மூடியோடு நான்கு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் சிறிது தண்ணீர் ஊற்றி மூடி, படுக்கவைத்து உருட்டி, கசிகிறதா என்று பார்த்தேன். ஒன்றில் கசிந்தது, ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டிருந்தது, மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு இரண்டு நாள் வெயிலில் காயவைத்தோம். ஒரு டிரம்மில் ஆறு சிப்பம், அதாவது 156 கிலோ, கழுத்துவரை சரியாகக் கொள்ளும்.

காற்றுப் புகாத டிரம்மில் வண்டு மூச்சுத்திணறிச் செத்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள். நம்புவதற்கு முன் சோதித்தேன். வலை மூடிய சிறு டப்பாவில் கொஞ்சம் அரிசியும் முப்பது உயிர்வண்டும் போட்டு, சுத்தமான அரிசி நிரப்பிய டிரம்மின் நடுவில் புதைத்து மூடினேன். இருபது நாள் கழித்துத் திறந்தபோது இருபத்தாறு உயிரோடு இருந்தன. கணக்குப் போட்டால் காரணம் தெரியும். நிரம்பிய டிரம்மில்கூட மணிகளுக்கு இடையில் எண்பது லிட்டர் அளவுக்குக் காற்று இருக்கிறது. முப்பது வண்டு அதை மூச்சிழுத்துத் தீர்க்க மிக நீண்ட காலம் ஆகும். ஆயிரக்கணக்கில் வண்டும் புழுவும் பெருகிய சரக்கில்தான் உயிர்வளி வேகமாகக் குறையும். அந்தச் சரக்கு எனக்கு எதற்கு? மூடுவதற்கு முன் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றிவைக்கும் பழக்கமும் பயன் தராது. சுடர் அணையும்போதும் காற்றில் 16 விழுக்காட்டளவு உயிர்வளி மிஞ்சியிருக்கும். வண்டுக்கு அது தாராளம்.

ஆகவே எங்கள் டிரம்மின் வேலை கொல்வது அல்ல, தடுப்பது. வெளியிலிருக்கும் வண்டும் ஈரமும் உள்ளே போகாது. உள்ளே போகும் அரிசி சுத்தமானதாக இருக்க வேண்டும் என்ற பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அதனால் சிப்பம் இறங்கும்போதே குத்தூசியால் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுத்துச் சலித்துப் பார்க்கிறோம். ஓர் உயிர்வண்டு கண்டாலும் அந்தச் சிப்பம் திரும்பிப் போகும்; மண்டிக்காரரும் இதற்கு ஒப்புக்கொண்டார். முட்டை கண்ணுக்குத் தெரியாது என்பதால் இந்தச் சோதனையில் சில தப்பலாம். அதற்குக் காலம்தான் காவல். சாப்பாட்டு அரிசி டிரம் திறந்த எட்டு நாளில் காலியாகிவிடும். அடுத்ததைத் திறக்கும் முன் காலியானதைத் துடைத்துக் காயவைக்கிறோம். மூடிய டிரம் எதுவும் மூன்று வாரத்துக்கு மேல் காத்திருப்பதில்லை. வண்டின் ஒரு தலைமுறை முடிவதற்குள் அரிசி சோறாகிவிடுகிறது. மூடியின்மேல் இறங்கிய தேதியைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதுகிறோம். பழைய அரிசியின்மேல் புதிதைக் கொட்டுவது எங்கள் அறையில் இப்போது தடை.

பருப்புக்கு வேறு கண் வேண்டும். துவரம்பருப்பு, கடலைப்பருப்பு போன்ற உடைத்த பருப்பில் பயறு வண்டு அதிகம் பெருகாது. அதற்கு முழுப் பயறு வேண்டும். பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு வாங்கும்போது தோலின்மேல் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். நகத்தால் சுரண்டினாலும் எளிதில் போகாத அந்தப் புள்ளிதான் முட்டை. எங்களுக்கு இவை மாதம் பத்துப் பன்னிரண்டு கிலோதான் செலவு. வந்ததும் இரண்டு கிலோப் பைகளாகக் கட்டி டீப் ஃபிரீசரில், மைனஸ் 18 டிகிரியில், ஐந்து நாள் வைத்துவிடுகிறேன். முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருந்தால் வியர்வை பையின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும். கடலை மாவுக்கும் ரவைக்கும் இதையே செய்கிறோம். மைதாவும் கோதுமை மாவும் பத்து நாளுக்கு மேல் வாங்கி வைப்பதில்லை. மாவு இளஞ்சிவப்பாக நிறம் மாறி, மூக்கில் ஏறும் காட்டமான வாடை வந்தால் செம்மாவு வண்டு வெகுநாளாகக் குடியிருந்து கழிவைக் கலந்துவிட்டது என்று பொருள். சலித்துப் பயன்படுத்த நினைக்காமல் குப்பையில் போட வேண்டும்.

மிளகாய் எனக்கு இன்னும் கவலை தருகிறது. மழைக்காலத்தில் வளைத்தால் ஒடியாமல் தோல்போல மடங்குகிறது. பிளந்து பார்த்தால் விதையைச் சுற்றி சாம்பல் பூஞ்சை இருக்கும். வெளித்தோல் பளபளவென்றே இருக்கும். வறுத்தால் சரியாகிவிடும் என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். வறுத்தால் பூஞ்சை சாகும். அது விட்டுச்சென்ற நஞ்சு வாணலிச் சூட்டில் முழுதாக அழியாது. “அப்படியானால் கிலோக் கணக்கில் கொட்டச் சொல்கிறீர்களா அம்மா?” என்று கேட்டார். ஆமாம் அண்ணா, கொட்டத்தான் வேண்டும் என்றேன். அன்று நான்கு கிலோ போயிற்று. இப்போது ஐப்பசி முதல் மார்கழி வரை மிளகாயும் மல்லியும் வாரத்துக்கு ஒரு முறை, ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குகிறோம். மொத்தமாக வாங்கும் விலையைவிடக் கூடுதல்தான்.

அறை எப்படி இருக்கிறது என்று அறிய, கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பொறி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். துளைகள் நிறைந்த ஒரு குழாய். அடியில் கூம்பும் சேகரிக்கும் குப்பியும். அரிசிக்குள் நேராகச் செருகினால், காற்றைத் தேடி நகரும் வண்டு துளை வழியே குழாய்க்குள் வந்து குப்பியில் விழுந்துவிடும். பிப்ரவரியில் ஓர் இரவில் பதினான்கு விழுந்தன. டிரம்முக்கு மாறிய பின் ஏப்ரலில் ஒன்று. அதன்பிறகு ஒவ்வொரு திங்களன்றும் பார்க்கிறேன். பருவமழை முழுவதிலும் இரண்டு முறைதான் வண்டு விழுந்தது, இரண்டும் இட்லி அரிசி டிரம்மில். அதன் ரப்பர் வளையத்தில் உளுந்து மணி ஒன்று சிக்கி, மூடி ஒரு பக்கம் சரியாக உட்காராமல் இருந்தது. இப்போது மூடுவதற்கு முன் வளையத்தை ஈரத்துணியால் துடைத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்த பிறகே பூட்டுகிறோம். அந்த வேலையை மாஸ்டர் வேறு யாரிடமும் விடுவதில்லை.